வட்டம் எங்கே விழுந்திருக்கிறது? பூனை, நாய், மாட்டிலிருந்து வரும் படர்தாமரை

ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, ஏழு வயதுப் பையன், பாட்டி. கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள். ஆறு வாரத்துக்கு முன் சந்தையில் பிடித்து வந்த ஒரு கிடாரிக் கன்று. போதாததற்கு, மூன்று வாரத்துக்கு முன் யாரோ வாசலில் விட்டுப்போன பூனைக்குட்டி ஒன்று.

முதலில் அப்பாவின் நெற்றி ஓரத்தில் ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து மேடாக, நடுவில் தோல் செதில் செதிலாக. இரண்டு நாளில் வலது முன்கையிலும் அதே மாதிரி ஒன்று. அதே வாரம் பையனின் காதுக்கு மேலே தலையில் அரிப்பு. எண்ணெய் வைத்துப் பார்த்தார்கள். அடுத்த பத்து நாளில் அந்த இடம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி, தொட்டால் அமுங்கி, மயிர்க்கால்களில் சீழ் கோத்து நின்றது. முடி கொத்தாக உதிர்ந்தது. பாட்டிக்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் எல்லோரும் பூனைக்குட்டியைத்தான் சொன்னார்கள். வீட்டுக்குள் நடமாடுவது அதுதானே. இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு விவரமும் தோல் நோய் மருத்துவர்களும் கால்நடை மருத்துவர்களும் வழக்கமாகப் பார்ப்பது. பூனையா, கன்றா, இரண்டும் இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்த வீட்டை வைத்தே பார்க்கலாம்.

படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. ரிங்வார்ம் என்னும் ஆங்கிலப் பெயரில் புழு இருக்கிறதே தவிர நோயில் புழு எதுவும் கிடையாது; அந்த வகையில் நம் பெயர் தேவலை. இந்தப் பூஞ்சைகள் கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழ்பவை. தோலின் மேல்படலம், முடி, நகம், கொம்பு, குளம்பு எல்லாமே கெரட்டின்தான். ஒவ்வொரு வகைப் பூஞ்சைக்கும் ஒரு சொந்த வீடு உண்டு. சில மனித உடம்பிலேயே வாழ்ந்து மனிதருக்கு மனிதர் பரவும். சில விலங்குகளைச் சொந்த வீடாகக் கொண்டவை. பூனையையும் நாயையும் பிடிப்பது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ். மாட்டைப் பிடிப்பது டிரைக்கோபைட்டான் வெருகோசம். இன்னும் சில மண்ணில் கிடப்பவை. மண்ணைத் தோண்டும் நாயின் மூக்கிலும் பாதத்திலும் அவை ஒட்டிக்கொள்ளும்.

சொந்த வீட்டில் பூஞ்சை பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கும். பூனையின் உடம்பில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் ஒரு அடையாளமும் காட்டாமல் மாதக்கணக்கில் இருந்துவிட முடியும். அதே பூஞ்சை ஒரு குழந்தையின் தோலுக்கு வந்தால், அந்த உடம்புக்கு அது பழக்கமில்லாத விருந்தாளி. எதிர்ப்பு பலமாக இருக்கும். அதனால்தான் விலங்கிலிருந்து வரும் படர்தாமரை வேகமாகவும் சிவப்பாகவும் சில நேரம் சீழோடும் வருகிறது. மனிதரிடமிருந்தே வந்தது பெரும்பாலும் மந்தமாக, நாட்பட்டதாக, மெல்லப் படர்ந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்று இந்தியாவில் பெரியவர்களுக்கு வரும் படர்தாமரையில் பெரும்பகுதிக்கும் விலங்குக்கும் சம்பந்தமே இல்லை. தொடையிடுக்கு, இடுப்பு, பிட்டம் என்று பரவி, களிம்பு போட்டால் அடங்குவது போல அடங்கி, விட்டதும் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறதே, அது டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று 2020-ல் தனிப் பெயர் பெற்ற பூஞ்சையின் வேலை. மனிதருக்கு மனிதர், துண்டு, உள்ளாடை, படுக்கை வழியாகப் பரவுவது. டெர்பினாஃபின் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கே பல இடங்களில் அடங்குவதில்லை. வீட்டில் நான்கு பேருக்கும் இடுப்பில் படர்தாமரை இருக்கும்போது நாயைக் கட்டிப்போட்டு ஒரு பயனும் இல்லை. குழந்தைகளின் தலையில் வருவதும் அப்படித்தான்: நம் நாட்டில் அதில் கணிசமானது டிரைக்கோபைட்டான் வயலேசியம் என்னும் மனிதப் பூஞ்சையால், பகிர்ந்துகொண்ட சீப்பும் தொப்பியும் வழியாக வருகிறது.

அதனால் மருத்துவர் முதலில் பார்ப்பது விலங்கை அல்ல, வட்டம் உட்கார்ந்திருக்கும் இடத்தை. விலங்கிலிருந்து வருவது விலங்கு தொட்ட இடத்தில்தான் தொடங்கும். குழந்தை பூனைக்குட்டியை எப்படித் தூக்குகிறது? மார்போடு அணைத்து, கன்னத்தை அதன் உடம்பில் வைத்து. ஆகவே கன்னம், தாடைக்குக் கீழ், கழுத்து, மேல்மார்பு, முன்கையின் உட்புறம். ஒன்றோடு நிற்காமல் சின்னச் சின்னதாகப் பல வட்டங்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். பால் கறப்பவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொள்வார். கை மடிக்கும் தொடைக்கும் நடுவே இருக்கும். ஆகவே நெற்றி ஓரம், நெற்றிப்பொட்டு, முன்கை, மணிக்கட்டு. கன்றைத் தோளில் தூக்குபவருக்குக் கழுத்து. தாடி வைத்தவர் என்றால் தாடிக்குள் சீழோடு கட்டி. வேட்டிக்கு அடியில், பெல்ட் கட்டும் இடத்தில் மட்டும் இருக்கிறது என்றால் மாட்டின் மேல் பழி போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

நம் கதையில் அப்பாவுக்கு நெற்றி ஓரமும் வலது முன்கையும். இந்த ஒரு விவரமே பாதி வழக்கைச் சொல்லிவிடுகிறது. அவர் பூனைக்குட்டியைத் தொடுவதே இல்லை. பூனை என்றால் அவருக்கு ஆகாது. குட்டியை மடியில் போட்டுக்கொண்டு தூங்குகிற பாட்டிக்கோ ஒன்றும் இல்லை. யாருக்கு வந்தது என்று கேட்பதைப் போலவே, நாள் முழுக்கத் தொட்டும் யாருக்கு வரவில்லை என்று கேட்பதும் உதவும். ஆனால் பாட்டியின் தோல் சுத்தமாக இருப்பது மட்டுமே பூனையை விடுவித்துவிடாது. குழந்தைகளுக்கு ஒட்டும் அளவுக்குப் பெரியவர்களுக்கு இது ஒட்டுவதில்லை, தலையில் குறிப்பாக.

அடுத்து நாள் கணக்கு. தொற்று ஒட்டிய பிறகு தோலில் தெரிய ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். முதல் வட்டம் தெரிந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த இடைவெளியில் வீட்டுக்குப் புதிதாக வந்த உயிர் எது, யார் எந்த மாட்டைப் புதிதாகக் கறந்தார்கள், குழந்தை யார் வீட்டுக்கு விளையாடப் போனது என்று கேட்க வேண்டும். நம் வீட்டில் கன்று, பூனைக்குட்டி இரண்டுமே இந்தக் கணக்கில் அடங்கிவிடுகின்றன. எனவே நாள் கணக்கு இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. பல வீடுகளில் அப்படித்தான் ஆகும்.

சரி, கன்றைப் பார்ப்போம். மாட்டுப் படர்தாமரை பெரும்பாலும் கன்றுகளைத்தான் பிடிக்கும். கண்ணைச் சுற்றி, காதடியில், முகத்தில், கழுத்தில் முடி கொட்டி, சாம்பலை அப்பிக் காயவைத்தது போலத் தடித்த பொருக்கு. வட்டத்தின் நடுவே ஆறி ஓரம் சிவக்கும் அந்த மனித வடிவத்தை மாட்டில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பொருக்கு சாம்பல் வெள்ளையாக, கொஞ்சம் மேடாக, உரித்தால் அடியில் ஈரச்சிவப்பாக இருக்கும். கன்று நன்றாகத் தின்னும், துள்ளும், காய்ச்சல் இருக்காது. அதனால்தான் யாரும் கவலைப்படுவதில்லை. தோல் கழலை நோயில் காய்ச்சலோடு உருண்டை உருண்டையாகக் கட்டிகள் எழும். சொறியில் மாடு ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். இது இரண்டும் இல்லாமல், சும்மா பொருக்குத் தட்டிய கண்ணோடு உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். விற்பவர் கேட்டால் 'பால் குடி மறந்ததில் வந்த மெலிவு, சரியாயிடும்' என்பார். அதில் பாதி உண்மை. இரண்டு முதல் நான்கு மாதத்தில் அது தானாகவே சரியாகும். அதற்குள் கழுத்துக் கயிறு, கட்டுத்தறி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு என எங்கும் உதிர்ந்த முடியும் பொருக்கும் ஒட்டிவிடும்.

சந்தையிலிருந்து வந்த நம் கன்றுக்கு மூன்றாவது வாரத்திலேயே இரண்டு கண்ணைச் சுற்றியும் சாம்பல் பூத்திருந்தது. பையன் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வான். காதுக்கு மேலே ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் அவ்வளவுதான்.

பூனைக்குட்டியை இன்னும் விசாரிக்கவில்லை. பூனையில் தேட வேண்டிய இடங்கள் காதின் ஓரமும் பின்புறமும், மூக்குத் தண்டு, முன்பாதம், வால் நுனி. முடி ஒடிந்து குச்சி குச்சியாக நிற்கும், பொடிச் செதில் இருக்கும். நீள முடிக்காரப் பாரசீகப் பூனைகளில் இது அதிகம். நகரங்களில் காசு கொடுத்து வாங்கும் குட்டியோடு சேர்ந்தே வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் ஒரு முடிகூட உதிராத பூனையும் பூஞ்சையைச் சுமந்து திரியலாம். அதனால் வெறும் கண்ணால் பார்த்து 'சுத்தம்' என்று சொல்ல முடியாது.

இதற்கு ஒரு விளக்கு இருக்கிறது. ராபர்ட் வுட் என்னும் அமெரிக்க இயற்பியலாளரின் பெயரால் வுட்ஸ் விளக்கு என்கிறார்கள். புற ஊதாக் கதிரை மட்டும் வடிகட்டி விடும். மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடியை இருட்டறையில் இந்த விளக்கில் காட்டினால், முடித்தண்டு பச்சை ஆப்பிள் நிறத்தில் மிளிரும். முடித்தண்டு மிளிர வேண்டும் என்பதுதான் முக்கியம். செதில், தூசி, பஞ்சு, தடவிய களிம்பு எல்லாம்கூட ஏதாவது ஒரு நிறத்தில் பளிச்சிடும். அதைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஊதா டார்ச்சுகளில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமே அதிகம், அது உண்மையான பச்சையை மூழ்கடித்துவிடும். பூனை மிளிரவில்லை என்றாலும் அது குற்றமற்றது என்று ஆகிவிடாது, ஏனென்றால் எல்லாத் தொற்றும் மிளிர்வதில்லை. இன்னொன்று, மாட்டுப் பூஞ்சையிடம் இந்த விளக்கு செல்லாது. டிரைக்கோபைட்டான் வெருகோசம் மனித முடியில் மிளிராது.

உறுதிப்படுத்த வேண்டுமானால் பூஞ்சையைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான். பூனையிடம் இதை எடுக்கும் முறை எளிமையானது: பிரிக்காத புது டூத்பிரஷ் ஒன்றால் உடம்பு முழுக்க இரண்டு மூன்று நிமிடம் வாரி, முகத்தையும் காதையும் பாதத்தையும் விடாமல், அந்தக் குச்சங்களை அப்படியே கல்ச்சர் தட்டில் குத்தி எடுப்பார்கள். ஆரோக்கியமாகத் தெரியும் பூனை சுமக்கிறதா என்பதும் இதில் பிடிபடும். இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

நம் பையனின் தலையிலிருந்து இடுக்கியால் நான்கைந்து முடியை எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வலிக்காமல் வந்தது, அதுவே ஒரு துப்பு. சாதாரணக் கட்டி என்றால் முடி பிடித்துக்கொள்ளும், இழுத்தால் குழந்தை அலறும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது முடியைச் சுற்றிப் பெரிய வித்துகள் மணிமாலை போல வரிசையாக நின்றன. மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்றால் வித்துகள் சின்னதாக, முடியைக் கூட்டமாக மூடிக்கொண்டு இருந்திருக்கும். வுட்ஸ் விளக்கில் பையனின் முடி மிளிரவில்லை. கல்ச்சருக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து 'வளர்ச்சி இல்லை' என்று வந்தது.

இந்த இடத்தில்தான் பலர் 'பூஞ்சை இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மற்றப் பூஞ்சைகளை அறை வெப்பத்தில், சாதாரண ஊடகத்தில் வளர்ப்பார்கள். மாட்டுப் பூஞ்சை அதற்கு மாறானது: உடம்புச் சூடான 37 டிகிரியில்தான் நன்றாக வளரும், தயாமின் என்னும் பி1 வைட்டமினும் சிலதுக்கு இனோசிட்டாலும் ஊடகத்தில் இருக்க வேண்டும், அப்படியும் மெதுவாகத்தான் வரும். மாட்டுக் கொட்டகையில் புழங்குபவர் என்று பரிசோதனைக்கூடத்துக்கு எழுதி அனுப்பாவிட்டால் அவர்கள் அதற்கேற்ப வைக்க மாட்டார்கள். பூனைப் பூஞ்சை அப்படியல்ல, ஒன்றிரண்டு வாரத்தில் தாராளமாக வளர்ந்துவிடும். ஆக, நுண்ணோக்கியில் வித்து இருந்தும் சாதாரணக் கல்ச்சரில் வளரவில்லை என்பதே மாட்டின் பக்கம் கையைக் காட்டுகிறது. பூனைக்குட்டியின் டூத்பிரஷ் கல்ச்சரும் சுத்தமாக வந்தபோது அது விடுதலை ஆனது. அப்புறம் பையனின் முடியை மறுபடி எடுத்து 37 டிகிரியில் வைத்தபோது வளர்ந்தது.

பையனின் தலை வீக்கத்துக்கு கீரியான் என்று பெயர். உடம்பு பூஞ்சையை ஆவேசமாக எதிர்ப்பதன் விளைவு. இதைச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கீறினால் சொட்டுச் சொட்டாகத்தான் சீழ் வரும், ஏனென்றால் அது ஒரே பையாக இல்லாமல் ஒவ்வொரு மயிர்க்காலிலும் தனித்தனியாக நிற்கிறது. தழும்பு மட்டும் மிஞ்சும், அங்கே முடி முளைக்காது. ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தாலும் பலன் இருக்காது. கழுத்தில் நெறி கட்டியிருக்கும், அது பயமுறுத்தும், ஆனால் இந்த நோயில் வழக்கமானது. வீங்காத ஆரம்ப நிலையில் வேறொரு குழப்பம்: புழுவெட்டு என்று விட்டுவிடுவார்கள். புழுவெட்டில் தோல் வழவழப்பாக, செதிலே இல்லாமல் இருக்கும். தலைப் படர்தாமரையில் செதிலும், ஒடிந்த முடிக் குச்சிகளும் தெரியும்.

தலையில் வந்தால் களிம்பு போதாது. பூஞ்சை மயிர்க்காலுக்குள் இருக்கிறது, களிம்பு அங்கே இறங்காது. வாய்வழி மருந்துதான், அதுவும் வாரக்கணக்கில். மூலத்தைக் கண்டுபிடிப்பது இங்கே வெறும் ஆர்வத்துக்காக அல்ல. குழந்தைகளின் தலையில் வரும் டிரைக்கோபைட்டான் வகைகளுக்கு டெர்பினாஃபின் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். பூனையிடமிருந்து வரும் மைக்ரோஸ்போரத்துக்கு கிரிசியோஃபல்வின் மேல், ஆறு எட்டு வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகும், பாலோடு அல்லது கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, மருத்துவர் சொல்ல வேண்டியது. மருந்து தொடங்கிய சில நாளில் உடம்பிலும் கையிலும் சின்னச் சின்னப் பருக்கள் கிளம்பலாம். பெரும்பாலும் அது மருந்து ஒவ்வாமை அல்ல, பூஞ்சைக்கு எதிராக உடம்பு காட்டும் எதிர்வினை. இதைப் பார்த்து பயந்து பாதியில் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடம்பில் ஒன்றிரண்டு வட்டம் என்றால் பூஞ்சைக் களிம்பே போதும், வட்டத்தைத் தாண்டி ஓர் அங்குலம் வரை தடவி, மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும். மருந்துக் கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வேண்டாம். அரிப்பு ஒரே நாளில் அடங்கும், சிவப்பு போகும், ஓரம் மங்கும்; பூஞ்சை மட்டும் அடியில் சௌகரியமாகப் பரவும். மூலத்தைச் சொல்லும் அந்த வட்ட வடிவமே கலைந்துபோய், பிறகு பார்க்கிற மருத்துவருக்கும் துப்பு கிடைக்காது. சீமையகத்தி இலையை அரைத்துப் பூசும் வழக்கம் நம் ஊரில் பழையது, அதற்குக் கொஞ்சம் பூஞ்சையைத் தடுக்கும் குணமும் உண்டு. ஆனால் தலையில் அது மயிர்க்கால் வரை போகாது. பரிசோதனைக்குப் போகும் நாளில் எதையும் பூசிக்கொண்டு போகாதீர்கள். தோலைச் சுரண்டி எடுத்தால் பூஞ்சைக்குப் பதில் பச்சிலைதான் தெரியும்.

கன்றுக்கு என்ன செய்வது? தனியே கட்ட வேண்டும், அதன் கயிற்றை மற்ற மாட்டுக்குப் போடக்கூடாது, தேய்த்துக் குளிப்பாட்டும் நாரும் தனி. பால் கறந்துவிட்டுக் கடைசியாக அதைத் தொட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பொருக்கு ஆறும்வரை பையன் கட்டிப்பிடிக்கக்கூடாது. இது சொல்வதற்குச் சுலபம். பூசும் மருந்தைக் கால்நடை மருத்துவர் தருவார். எஞ்சின் ஆயில் பூசுவது இன்னும் நடக்கிறது. கன்று அதை நக்கும், அதனால் கூடாது. நார்வேயில் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டே மாட்டுப் படர்தாமரையைப் பெருமளவு ஒழித்தார்கள். நம் வீட்டுக்காரருக்கு இப்போது கையில் இருப்பது கயிறும் துடைப்பமும்தான்.

பூனையாக இருந்திருந்தால் கணக்கு வேறு. ஒரே அறையில் வைத்து, கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தும் குளியலும் கொடுத்து, டூத்பிரஷ் கல்ச்சர் சுத்தமாகும் வரை தொடர வேண்டும். உதிர்ந்த முடிதான் எதிரி, எனவே மருந்தோடு சேர்த்துத் தினமும் பெருக்கி ஈரத்துணியால் துடைப்பது மிகவும் உதவும். ப்ளீச் கலந்த தண்ணீர் தரைக்கும் கூண்டுக்கும்தான், பூனையின் உடம்புக்கு அல்ல. வீட்டை விட்டுத் துரத்துவதால் நோய் அடுத்த தெருவுக்குப் போகுமே தவிர முடியாது.

இந்த வீட்டில் அம்மாவுக்கும் ஒரு வட்டம் வந்தது, மூன்று வாரம் கழித்து, மணிக்கட்டில். பையனிடமிருந்து ஒட்டியது என்று நினைத்தார்கள். விலங்குப் பூஞ்சை மனிதருக்கு மனிதர் அதிகம் தாவுவதில்லை. ஒன்றிரண்டு பேரோடு ஓய்ந்துவிடும். கன்றின் பழைய கயிற்றை அவிழ்த்துத் துவைத்தது அம்மாதான்.

கொட்டகையைச் சுத்தம் செய்யும்போது கட்டுத்தறியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கன்று கழுத்தை உரசிய மரத்தின் வெடிப்பில் முடியும் பொருக்கும் அடைந்து கிடக்கும். காய்ந்த பொருக்குக்குள் வித்துகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு முறை வந்து ஆறிய மாட்டுக்கு மறுபடி வருவது அரிது. அதனால் கறவை மாடுகள் இரண்டும் பளபளவென்று நிற்கும். பொருக்கைச் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பிறகு ப்ளீச் விட்டு, வெயிலில் காயவிட வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் அதே தறியில் அடுத்த ஈற்றுக் கன்றைக் கட்டினால், அதன் கண்ணைச் சுற்றிச் சாம்பல் பூக்கும்போது வீட்டுக்காரர் சொல்வார்: 'சந்தையிலிருந்து இந்த வருஷம் எதையும் வாங்கவே இல்லையே.'